எஃப்டிபி கடவுச்சொல்லை நெட்வொர்க்கில் உள்ளவர்கள் எப்படிப் படிக்கிறார்கள், எஸ்எஃப்டிபியில் ஏன் முடிவதில்லை

கேள்வி: என் வெப்சைட்டுக்கு ஃபைல் ஏற்ற எஃப்டிபி, எஸ்எஃப்டிபி இரண்டும் கொடுத்திருக்கிறார்கள். இரண்டிலும் யூசர்நேம், பாஸ்வேர்ட் கேட்கிறது. இரண்டிலும் ஃபைல் போய்ச் சேருகிறது. சைட்டில் https கூட இருக்கிறது. ஆனால் எஃப்டிபியில் அனுப்பும் பாஸ்வேர்டை நெட்வொர்க்கில் இருக்கும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்கிறார்கள். நிஜமாகவே படிக்க முடியுமா? எஸ்எஃப்டிபிக்கு மாறினால் மட்டும் என்ன வித்தியாசம்?

பதில்:

முடியும். அதற்கு எந்தப் பூட்டையும் உடைக்க வேண்டியதில்லை, ஏனென்றால் பூட்டே கிடையாது. "யார் வேண்டுமானாலும்" என்பதில் மட்டும் ஒரு திருத்தம் உண்டு, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் எஃப்டிபியில் லாகின் செய்யும்போது கம்பியில் என்னதான் போகிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிடுவோம். இதை நீங்களும் உங்கள் சொந்தக் கணினியில், வேறு யாருடைய நெட்வொர்க்கையும் தொடாமல் செய்து பார்க்கலாம்.

லினக்ஸ் உள்ள ஒரு கணினியில் `vsftpd` என்ற எஃப்டிபி சர்வரை நிறுவிக்கொள்ளுங்கள். சோதனைக்காக `kayal` என்று ஒரு பயனரை உருவாக்கி, `Mazhai#2291` என்று கடவுச்சொல் வைப்போம். ஒரு டெர்மினலில் இந்தக் கட்டளையை ஓட விடுங்கள்:

```
sudo tcpdump -i lo -n -A 'tcp port 21'
```

`tcpdump` என்பது நெட்வொர்க்கில் போகும் பாக்கெட்டுகளை அப்படியே பிடித்துக் காட்டும் கருவி. `lo` என்பது கணினி தன்னோடு தானே பேசிக்கொள்ளும் உள் இணைப்பு. `-A` என்றால் பாக்கெட்டின் உள்ளே இருப்பதை எழுத்தாகக் காட்டு என்று பொருள். 21 என்பது எஃப்டிபி கட்டளைகள் போகும் போர்ட். இப்போது இன்னொரு டெர்மினலில் `ftp 127.0.0.1` என்று தட்டி, kayal ஆக உள்ளே நுழையுங்கள். முதல் டெர்மினலில் ஓடும் வரிகளில் முகவரிகளையும் எண்களையும் தள்ளிவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது இதுதான்:

```
220 (vsFTPd 3.0.5)
USER kayal
331 Please specify the password.
PASS Mazhai#2291
230 Login successful.
```

நான்காவது வரியைப் பாருங்கள். நீங்கள் தட்டியபோது திரையில் ஓர் எழுத்துகூடத் தெரிந்திருக்காது. கம்பியிலோ அது முழுசாக, `PASS` என்ற முன்னொட்டோடு போகிறது. அந்தப் பாக்கெட்டுக்கு `tcpdump` காட்டும் நீளம் 18 பைட். `PASS` நான்கு, ஓர் இடைவெளி, கடவுச்சொல்லின் பதினொரு எழுத்துகள், வரி முடிந்ததைச் சொல்லும் இரண்டு பைட். கூட்டினால் சரியாக 18. அதாவது குறியாக்கம் என்று எதையும் ஒளித்து வைக்க அந்தப் பாக்கெட்டில் இடமே இல்லை. எவ்வளவு கடினமான கடவுச்சொல் வைத்தாலும் இங்கே பயன் கிடையாது. நாற்பது எழுத்து வைத்தால் நாற்பது எழுத்தும் அப்படியே போகும்.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். கேட்பவர் ஆயிரக்கணக்கான பாக்கெட்டுகளுக்கு நடுவே உங்கள் கடவுச்சொல்லைத் தேடி அலைய வேண்டியதில்லை. `PASS` என்ற சொல்லே அது எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுத்துவிடுகிறது. அடுத்து வரும் `230` என்ற பதில், அந்தக் கடவுச்சொல் சரியானதுதான் என்று சர்வரே உறுதி செய்வது. தவறாக இருந்தால் `530` வந்திருக்கும். யூசர்நேம், கடவுச்சொல், சர்வரின் முகவரி, அது வேலை செய்கிறது என்ற உறுதி, நான்கும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன.

ஏன் இப்படி அமைத்தார்கள் என்று கேட்கலாம். எஃப்டிபியின் முதல் வடிவத்தை எம்ஐடியில் இருந்த அபய் பூஷண் 1971 ஏப்ரலில் ஆர்எஃப்சி 114 என்ற ஆவணமாக எழுதினார். அப்போது இணையம் என்பதே கிடையாது. ஆர்ப்பாநெட்டில் சில ஆய்வு நிறுவனங்களின் கணினிகள் மட்டும் இணைந்திருந்தன. இன்றுவரை எல்லோரும் அடிப்படையாகக் கொள்ளும் வடிவம் 1985 அக்டோபரில் வந்த ஆர்எஃப்சி 959. அதில் `PASS` கட்டளையைப் பற்றிய பத்தியைப் படித்தால் அந்தக் காலத்துக் கவலை எதில் இருந்தது என்று புரியும். கடவுச்சொல் முக்கியமான தகவல், அதை மறைப்பது நல்லது என்று அதில் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்த மறைப்பு திரைக்கானது. தட்டும்போது பக்கத்தில் இருப்பவர் பார்த்துவிடாமல் பயனரின் பக்கம் உள்ள மென்பொருள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதோடு அது நின்றுவிடுகிறது. கம்பியில் போகும்போது ஒருவர் படிப்பார் என்பது அவர்கள் தீர்க்க எடுத்துக்கொண்ட பிரச்சினையே அல்ல. இதை அவர்கள் குறையாக நான் சொல்லவில்லை. அன்றைக்கு அந்த நெட்வொர்க்கில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். அந்த வடிவத்தை இன்று பொது இணையத்தில் நாம் ஓட்டிக்கொண்டிருப்பதுதான் தவறு.

கடவுச்சொல்லோடு கதை முடிவதில்லை. எஃப்டிபி இரண்டு இணைப்புகளில் வேலை செய்கிறது. கட்டளைகள் 21இல் போகும். ஃபைலின் உள்ளடக்கம் தனியாக இன்னொரு இணைப்பில் போகும். அந்த இரண்டாவது இணைப்பு எந்தப் போர்ட்டில் என்பதையும் சர்வர் வெளிப்படையாகவே சொல்கிறது:

```
PASV
227 Entering Passive Mode (192,0,2,10,156,64).
STOR wp-config.php
150 Ok to send data.
226 Transfer complete.
```

அடைப்புக்குள் இருக்கும் முதல் நான்கு எண்கள் சர்வரின் ஐபி முகவரி. கடைசி இரண்டும் சேர்ந்து போர்ட்: 156ஐ 256ஆல் பெருக்கி 64ஐக் கூட்டினால் 40000. கேட்டுக்கொண்டிருப்பவர் அந்தப் போர்ட்டையும் சேர்த்துப் பதிவு செய்தால் ஃபைல் முழுசாக அவர் கைக்கு வந்துவிடும். வேர்ட்பிரஸ் தளத்தின் `wp-config.php` என்றால் டேட்டாபேஸின் பெயர், பயனர், கடவுச்சொல் எல்லாமே அதற்குள் எழுத்தாக இருக்கும். எஃப்டிபி கடவுச்சொல்லை மாற்றிவிட்டால் போதும் என்று பலர் நினைப்பது இதனால்தான் போதாமல் போகிறது.

சரி, இப்போது "யார் வேண்டுமானாலும்" என்பதற்கு வருவோம். உலகின் எந்த மூலையில் இருப்பவரும் உங்கள் எஃப்டிபி இணைப்பை எட்டிப் பார்த்துவிட முடியாது. அந்தப் பாக்கெட்டுகள் போகும் வழியில் ஏதோ ஓர் இடத்தில் அவர் இருக்க வேண்டும். ஆனால் அந்த வழி நாம் நினைப்பதைவிட நீளமானது, அதில் இருப்பவர்களும் அதிகம்.

உங்கள் பக்கமிருந்து தொடங்குவோம். கடவுச்சொல் இல்லாத பொது வைஃபை என்றால் அலைவரிசை எட்டும் தூரத்தில் உள்ள எந்த லேப்டாப்பும் உங்கள் பாக்கெட்டுகளைப் பிடிக்கலாம். சும்மா கேட்டால் போதும், எதையும் அனுப்ப வேண்டியதில்லை. வீட்டு வைஃபைக்குக் கடவுச்சொல் இருக்கிறதே என்றால், அது டபிள்யூபிஏ2 வகையாக இருக்கும் பட்சத்தில், வெளியாள் கேட்பதைத்தான் அது தடுக்கும். அதே வைஃபை கடவுச்சொல்லை அறிந்த இன்னொருவர், உங்கள் கருவி ரூட்டரோடு இணையும் அந்த நொடியில் நடக்கும் கைகுலுக்கலைப் பிடித்துவிட்டால், பிறகு நீங்கள் அனுப்புவதை அவர் பிரித்துப் படிக்கலாம். வயர்ஷார்க் மென்பொருளிலேயே இதற்கான வசதி இருக்கிறது. டபிள்யூபிஏ3 இந்த ஓட்டையை அடைத்திருக்கிறது.

கேபிள் வழி இணைந்த அலுவலக நெட்வொர்க்கில் நிலைமை கொஞ்சம் வேறு. அங்கே நடுவில் இருக்கும் சுவிட்ச் உங்கள் பாக்கெட்டை உரிய துளைக்கு மட்டும்தான் அனுப்பும். பழைய ஹப் போல எல்லோருக்கும் அனுப்பாது. அதனால் சும்மா உட்கார்ந்து கேட்டால் எதுவும் வராது. ஆனால் "நான்தான் ரூட்டர்" என்று உங்கள் கணினியை நம்பவைக்கும் பொய்யான ஏஆர்பி பதில்களை ஒருவர் அனுப்பினால், உங்கள் பாக்கெட்டுகள் அவர் வழியாகப் போய்வர ஆரம்பிக்கும். இது நடக்கும்போது `arp -a` என்று தட்டிப் பார்த்தால் ரூட்டரின் ஐபிக்கும் இன்னொரு கணினியின் ஐபிக்கும் ஒரே மேக் முகவரி, அதாவது நெட்வொர்க் கார்டின் ஒரே அடையாள எண், இருப்பது சில சமயம் தெரியவரும். வைஃபையில் அமைதியாகக் கேட்பதற்கு இந்தத் தடயம்கூட இருக்காது.

அங்கிருந்து வெளியே போனால் இணையச் சேவை நிறுவனம், நடுவில் வரும் மற்ற நெட்வொர்க்குகள், கடைசியாக ஹோஸ்டிங் நிறுவனத்தின் உள் நெட்வொர்க். இந்த வழியில் எந்த ஒரு கருவி பிறர் கைக்குப் போயிருந்தாலும் போதும். வீட்டு ரூட்டரில் தீம்பொருள் புகுந்திருந்தால் வைஃபை எவ்வளவு பலமாக இருந்தும் உதவாது, ஏனென்றால் வைஃபை குறியாக்கம் ரூட்டரோடு முடிந்துவிடுகிறது. விபிஎன்னும் அப்படித்தான். உங்கள் கணினியிலிருந்து விபிஎன் சர்வர் வரைதான் அதன் காவல். அங்கிருந்து உங்கள் ஹோஸ்டிங் வரை பழையபடி திறந்த எழுத்துதான்.

https பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது உங்கள் தளத்தைப் பார்க்க வருபவரின் பிரவுசருக்கும் உங்கள் வெப் சர்வருக்கும் நடுவே, பெரும்பாலும் 443 என்ற போர்ட்டில் நடக்கும் பேச்சைக் காக்கிறது. 21இல் நடக்கும் எஃப்டிபி பேச்சுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. முகப்பில் பூட்டு அடையாளத்தோடு இருக்கும் ஒரு தளத்தின் சாவி பின்பக்கம் திறந்த எழுத்தில் போய்க்கொண்டிருக்கலாம்.

படித்துவிட்டார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? படித்த அந்தக் கணத்தில் கண்டுபிடிக்க வழியில்லை. அந்தக் கடவுச்சொல்லைப் பயன்படுத்தும்போதுதான் தடயம் விழும். சர்வர் பதிவுகள் கிடைக்குமானால் இப்படி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள்:

```
[kayal] OK LOGIN: Client "203.0.113.77"
```

நீங்கள் ஒருபோதும் பயன்படுத்தாத முகவரியிலிருந்து `OK LOGIN` வந்திருக்கிறது. அதற்கு முன்னால் அதே முகவரியிலிருந்து எத்தனை `FAIL LOGIN` வந்திருக்கின்றன என்று எண்ணுங்கள். கடவுச்சொல்லை ஊகித்து நுழைபவர் வரிசையாகத் தோல்விகளை விட்டுச் செல்வார். ஒரு தோல்விகூட இல்லாமல் முதல் முயற்சியிலேயே உள்ளே வந்திருந்தால், அவர் கையில் கடவுச்சொல் ஏற்கெனவே இருந்திருக்க வாய்ப்பு அதிகம். வழியில் கேட்டிருக்கலாம், அல்லது உங்கள் கணினியிலிருந்தே எடுத்திருக்கலாம். அந்த இரண்டாவது வழியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இனி எஸ்எஃப்டிபி. இது எஃப்டிபிக்கு மேலே பாதுகாப்பைப் பூசியது என்று நினைத்துவிட வேண்டாம். இது எஸ்எஸ்ஹெச் என்ற வேறொரு நெறிமுறைக்குள் ஓடும் தனி ஃபைல் சேவை. `USER`, `PASS`, `PASV` எதுவும் இதில் இல்லை. இரண்டாவது இணைப்பும் இல்லை. கட்டளை, ஃபைல் எல்லாமே ஒரே இணைப்பில், வழக்கமாக 22ஆம் போர்ட்டில் போகின்றன. ஃபயர்வாலில் ஒரே போர்ட்டைத் திறந்தால் போதும் என்பது கூடுதல் வசதி.

எஸ்எஸ்ஹெச் பிறந்த காரணமே நீங்கள் கேட்ட இந்தப் பிரச்சினைதான். 1995இல் ஃபின்லாந்தில் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்கும் மென்பொருளை ஓடவிட்டிருந்தார்கள். அங்கே ஆய்வாளராக இருந்த டாட்டு யூலோனன் அதைப் பார்த்துத்தான் எஸ்எஸ்ஹெச்சின் முதல் வடிவத்தை எழுதினார். அதனால் எஸ்எஸ்ஹெச்சின் வரிசை எஃப்டிபிக்கு நேர் எதிர். எஃப்டிபியில் இணைந்தவுடன் முதலில் கேட்பது பெயரும் கடவுச்சொல்லும். எஸ்எஸ்ஹெச்சில் ரகசிய வழி அமைந்த பிறகுதான் பெயரே கேட்கப்படும்.

அதே கணினியில் எஸ்எஸ்ஹெச் சர்வரை ஓட விட்டு, `tcpdump` கட்டளையில் 21ஐ 22 ஆக்கி, `sftp kayal@127.0.0.1` என்று இணைந்து பாருங்கள். தொடக்கத்தில் கொஞ்சம் படிக்கக்கூடிய எழுத்து வரும். `SSH-2.0-OpenSSH` என்று தொடங்கும் அறிமுக வரி இரண்டு பக்கமிருந்தும் வரும். அடுத்து `curve25519-sha256`, `aes256-ctr` என்பது போன்ற பெயர்களின் நீண்ட பட்டியல். எனக்கு இந்த முறைகள் தெரியும், உனக்கு எவை தெரியும் என்று இருவரும் பேசிக்கொள்வது அது. பிறகு சாவிப் பரிமாற்றம். இரண்டு பக்கமும் ஆளுக்கொரு ரகசிய எண்ணை வைத்துக்கொண்டு, அதிலிருந்து கணக்கிட்ட வேறொரு மதிப்பை மட்டும் வெளியே அனுப்புகின்றன. அந்த இரண்டு மதிப்புகளையும் கேட்டவருக்கு இறுதிச் சாவியைக் கணக்கிட நடைமுறையில் வழியில்லை. பேசிக்கொள்ளும் இருவருக்கு மட்டும் அது கிடைக்கிறது. அந்தக் கணத்துக்குப் பிறகு `tcpdump` காட்டுவதெல்லாம் புள்ளிகளும் அர்த்தமற்ற குறிகளும்தான். kayal என்ற சொல்லைத் தேடினாலும் கிடைக்காது, ஏனென்றால் யூசர்நேம்கூட உள்ளேதான் போகிறது.

எதுவுமே தெரியாது என்றும் சொல்ல முடியாது. எந்த முகவரி எந்த முகவரியோடு பேசியது, எப்போது பேசியது, ஏறத்தாழ எத்தனை மெகாபைட் போனது என்பது வழியில் இருப்பவருக்குத் தெரியும். ஃபைலின் பெயரும் உள்ளடக்கமும் தெரியாது.

இங்கே ஓர் இடத்தில் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எஸ்எஃப்டிபி பயன்படுத்துபவர்கள் பலர் இதைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். ரகசிய வழி அமைந்துவிட்டது, சரி. ஆனால் அது யாரோடு அமைந்தது? நடுவில் நுழைந்தவர் "நான்தான் உன் சர்வர்" என்று சொல்லி உங்களோடு ஒரு ரகசிய வழியை அமைத்துக்கொண்டால், குறியாக்கம் கச்சிதமாக இருக்கும், கடவுச்சொல்லும் பத்திரமாக அவரிடமே போய்ச் சேரும். கடவுச்சொல் வழியில்தான் மறைந்திருக்கிறது. மறுமுனையில் இருப்பவர் அதை முழுசாகப் பெறுகிறார். இதைத் தடுப்பதற்காகத்தான் ஒவ்வொரு எஸ்எஸ்ஹெச் சர்வருக்கும் ஓர் அடையாளச் சாவி இருக்கிறது. முதல்முறை இணையும்போது வரும் கேள்வி அதைப் பற்றியதுதான்:

```
The authenticity of host 'example.com (192.0.2.10)' can't be established.
ED25519 key fingerprint is SHA256:...
Are you sure you want to continue connecting (yes/no/[fingerprint])?
```

பெரும்பாலோர் படிக்காமலே `yes` தட்டிவிடுவார்கள். செய்ய வேண்டியது, ஹோஸ்டிங் நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பக்கத்திலோ உதவிப் பக்கத்திலோ கொடுத்திருக்கும் கைரேகையை, அதாவது அந்தச் சாவியின் சுருக்க அடையாளத்தை, எடுத்து இதோடு ஒப்பிடுவது. அந்தப் பக்கத்தை https வழியே பார்க்கிறீர்கள் என்பதால் அது வேறு வழியில் கிடைத்த சாட்சி. இன்னும் சுலபமான வழியும் இருக்கிறது: `yes` என்பதற்குப் பதிலாக அந்தக் கைரேகையையே அங்கே ஒட்டிவிடலாம். பொருந்தினால்தான் இணைப்பு தொடரும், உங்கள் கண்ணை நம்ப வேண்டியதில்லை. சர்வர் உங்களுடையதே என்றால், சர்வரின் கன்சோலில் இருந்து இப்படிப் பெறலாம்:

```
ssh-keygen -lf /etc/ssh/ssh_host_ed25519_key.pub
```

ஒருமுறை ஏற்றுக்கொண்ட சாவி `known_hosts` என்ற ஃபைலில் பதிவாகிவிடும். அடுத்தடுத்த முறை அது மாறியிருந்தால் `REMOTE HOST IDENTIFICATION HAS CHANGED!` என்று பெரிய எச்சரிக்கை வந்து இணைப்பு நின்றுவிடும். சர்வரை மறுபடி நிறுவியிருந்தாலோ வேறு கணினிக்கு மாற்றியிருந்தாலோ இது நியாயமாகவே வரும். அதனால் பயப்பட வேண்டாம். ஆனால் காரணம் தெரியாமல் பழைய வரியை அழித்துவிட்டுத் தொடர்வது மட்டும் கூடவே கூடாது. ஹோஸ்டிங் நிறுவனத்திடம் சாவி மாறியதா என்று கேட்டுவிட்டுத் தொடருங்கள்.

என்னைக் கேட்டால் எஸ்எஃப்டிபிக்கு மாறுபவர்கள் கடவுச்சொல்லையே விட்டுவிட்டுச் சாவி வழி லாகினுக்குப் போய்விடுவது நல்லது. `ssh-keygen -t ed25519` என்று தட்டினால் சாவி ஜோடி ஒன்று உருவாகும். பொதுச் சாவியை மட்டும் ஹோஸ்டிங்கில் ஏற்றுவீர்கள். தனிச்சாவி உங்கள் கணினியை விட்டு வெளியே போவதே இல்லை. லாகினின்போது அந்தத் தனிச்சாவியால் ஒரு கையொப்பம் மட்டும் போகும். அந்தக் கையொப்பம் அப்போதைய இணைப்புக்கான அடையாள எண்ணையும் சேர்த்துப் போட்டது என்பதால், போலி சர்வர் ஒன்று அதைப் பெற்றாலும் உங்கள் உண்மையான சர்வரில் கொண்டுபோய்க் காட்டி நுழைய முடியாது. கைரேகையைப் பார்க்காமல் `yes` தட்டியவருக்கும் சாவி இப்படி ஒரு காப்பைக் கொடுக்கிறது. ஆனால் போலி சர்வருக்கு அவர் ஏற்றும் ஃபைல் போகத்தான் செய்யும், அதனால் கைரேகையைப் பார்க்கும் வேலை இருக்கவே இருக்கிறது. சாவியை உருவாக்கும்போது கேட்கும் கடவுத்தொடரைக் காலியாக விடாதீர்கள்.

எஃப்டிபிஎஸ் என்று ஒன்றையும் பார்த்திருப்பீர்கள். அது வேறு. பழைய எஃப்டிபியையே, https பயன்படுத்தும் அதே டிஎல்எஸ் குறியாக்கத்துக்குள் போட்டது. 21இல் இணைந்து `AUTH TLS` என்று கேட்டு, சர்வர் ஒப்புக்கொண்ட பிறகு `PASS` அனுப்புவார்கள். அது நடந்தால் கடவுச்சொல் பத்திரம். ஹோஸ்டிங்கில் எஸ்எஃப்டிபி கிடைக்காவிட்டால் இதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஃபைல் ஏற்றப் பலரும் பயன்படுத்தும் ஃபைல்ஜில்லா மென்பொருளில் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே `Use explicit FTP over TLS if available` என்று ஒரு தேர்வு இருக்கும். "கிடைத்தால்" என்றால் கிடைக்காதபோது திறந்த எழுத்துக்கு இறங்கிவிடலாம் என்று பொருள். நடுவில் இருப்பவர் `AUTH TLS` கேள்விக்குத் தானே மறுப்புப் பதில் அனுப்பி உங்களை இறக்கப் பார்க்கலாம். `Require explicit FTP over TLS` என்பதைத் தேர்ந்தெடுத்தால், குறியாக்கம் அமையாதபோது இணைப்பே நடக்காது. ஃபைல்ஜில்லாவின் மேல்பகுதியில் ஓடும் வரிகளில் `Insecure server, it does not support FTP over TLS` என்று எப்போதாவது வந்திருந்தால், அன்றைக்கு உங்கள் கடவுச்சொல் திறந்தபடி போயிருக்கிறது.

முன்பு தள்ளிவைத்த விஷயம், கணினியிலிருந்தே எடுப்பது. ஃபைல்ஜில்லாவில் மாஸ்டர் பாஸ்வேர்ட் வைக்காமல் தளங்களின் கடவுச்சொல்லைச் சேமித்தால், அவை `sitemanager.xml` என்ற ஃபைலில் பேஸ்64 வடிவில் கிடக்கும். பேஸ்64 பூட்டு அல்ல, எழுத்துகளை மாற்றி எழுதும் முறை, அவ்வளவுதான். ஒரு கட்டளையில் திரும்பப் படித்துவிடலாம். உங்கள் கணினியில் புகும் தீம்பொருள் அந்த ஃபைலை எடுத்துக்கொண்டால், நீங்கள் எஃப்டிபி பயன்படுத்தினீர்களா எஸ்எஃப்டிபி பயன்படுத்தினீர்களா என்பதற்கு அர்த்தமே இல்லை. எஸ்எஃப்டிபி வழியைத்தான் காக்கிறது, வழியின் இரண்டு முனைகளையும் அல்ல. மாஸ்டர் பாஸ்வேர்ட் வையுங்கள், அல்லது சேமிக்காதீர்கள்.

மாறும்போது வரிசை முக்கியம். முதலில் எஸ்எஃப்டிபியில் இணைந்து, கைரேகையை ஒப்பிட்டு, ஃபைல் ஏறுகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அதற்குப் பிறகு கடவுச்சொல்லை மாற்றுங்கள். பல ஹோஸ்டிங்குகளில் எஃப்டிபிக்கும் எஸ்எஃப்டிபிக்கும் ஒரே கடவுச்சொல்தான். பழையது இத்தனை நாள் திறந்தபடி போயிருக்கிறது. அதையே வைத்துக்கொண்டு எஸ்எஃப்டிபிக்கு மாறினால், முன்பே கேட்டுவைத்தவர் அதே கடவுச்சொல்லோடு எஸ்எஃப்டிபி வழியாகவே வருவார். புதிய கடவுச்சொல்லை எஃப்டிபியில் ஒருமுறைகூடத் தட்டிவிடாதீர்கள். அப்புறம், எஃப்டிபி வழியாக ஏற்றிய அல்லது இறக்கிய ஃபைல்களில் டேட்டாபேஸ் கடவுச்சொல்லோ ஏபிஐ சாவியோ இருந்திருந்தால் அவற்றையும் மாற்ற வேண்டும். அதே கடவுச்சொல்லை மின்னஞ்சலுக்கும் வைத்திருந்தால் அங்கேயும்.

கடைசியாக எஃப்டிபியை ஹோஸ்டிங் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் நிறுத்திவிடுங்கள். திறந்து வைத்திருந்தால், தானாக ஓடும் ஏதாவது பழைய பேக்கப் ஸ்கிரிப்ட் யாருக்கும் தெரியாமல் ஒவ்வொரு இரவும் அதில் கடவுச்சொல்லை அனுப்பிக்கொண்டே இருக்கும். நின்றுவிட்டதா என்று வெளியிலிருந்து இப்படிச் சரிபார்க்கலாம்:

```
nc -vz example.com 21
nc -vz example.com 22
```

முதலாவது மறுக்கப்பட வேண்டும் அல்லது பதிலே இல்லாமல் நிற்க வேண்டும். இரண்டாவது `succeeded` அல்லது `open` என்று சொல்ல வேண்டும். சில ஹோஸ்டிங்குகள் எஸ்எஃப்டிபிக்கு 22ஐ விட்டுவிட்டு வேறு போர்ட் கொடுத்திருப்பார்கள், அப்படியானால் இரண்டாவது வரியில் அந்த எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். பகிர்ந்த ஹோஸ்டிங்காக இருந்தால் மற்ற வாடிக்கையாளர்களுக்காக 21 திறந்தே இருக்கும், அதை உங்களால் மூட முடியாது. அங்கே உங்கள் கணக்குக்கு மட்டும் எஃப்டிபி அனுமதியை நீக்கச் சொல்லி ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு எழுதுங்கள்.